அடுப்பு மேடையில் ஒரு லாட்டரி

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி டீக்கடை வாசல்ல மழையில நனைஞ்சுக்கிட்டு நின்ன நாட்டு நாய்க்குட்டி அது. எங்க நாலு பேருக்கும் அன்னிக்கு ஆளுக்கு ஒரு அரியர். துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்து, 'இது அஞ்சாவது'னு கணக்குல சேர்த்து, பேரையும் அரியர்னே வெச்சுட்டோம். மத்த நாலையும் கிளியர் பண்ணிட்டோம். இது மட்டும் இன்னும் என்கூடவே இருக்கு!

திருச்சியில மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், கதவே இல்லாத கிச்சன். அந்தக் கதவு இல்லாத மேட்டரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எட்டு மாசத்துல அரியர் நல்லா வளர்ந்துடுச்சு. பின்னங்கால்ல நின்னா முன்னங்கால் ரெண்டும் அடுப்பு மேடைக்கு எட்டும். ஒருநாள் கார்த்தி ஆம்லெட்டைத் தட்டுல வெச்சுட்டு கீழே மோட்டர் போடப் போனான். திரும்பி வந்தப்போ தட்டு, கழுவின மாதிரி பளபளனு இருந்துச்சு. நாங்க என்ன பண்ணினோம்? விழுந்து விழுந்து சிரிச்சோம். போட்டோகூட எடுத்தோம். அடுத்து பால் பாக்கெட், அடுத்து எண்ணெய் காயாத தோசைக்கல். அப்புறம் குப்பைக் கூடை. பரோட்டா பார்சல்ல சால்னா ஊறின பிளாஸ்டிக் கவரை ஹால் பூரா கிழிச்சுப் போட்டுட்டு நடுவுல ராஜா மாதிரி படுத்திருக்கும்.

சிரிப்பு நின்னது ஒரு மே மாசத்துல. செந்தில் ஊர்ல இருந்து ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தான். சாப்பிட்ட கொட்டை எல்லாம் கூடையில. காலையில கூடை கவுந்து கிடந்துச்சு. 'வழக்கம்தானே'னு கூட்டித் தள்ளிட்டோம். கொட்டையை யாரும் எண்ணிப் பார்க்கலை.

மறுநாள் அரியர் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்துச்சு. அப்புறம் மஞ்சள் தண்ணியா வந்துச்சு. மூணாம் நாள் குடிச்ச தண்ணிகூட உள்ளே நிக்கலை. வெளிக்கும் போகலை. முதுகை வளைச்சுக்கிட்டு, தூக்கினா முனகிக்கிட்டு, ஒரு மூலையில கிடந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டு ஓடினோம். வயித்தை அழுத்திப் பார்த்த டாக்டர் மேடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, வீட்ல மாம்பழம் சாப்பிட்டீங்களா?"

எக்ஸ்ரேயில கொட்டை தெளிவாத் தெரியலை. அடைப்புக்கு முன்னாடி குடல் காத்தடிச்ச பலூன் மாதிரி உப்பியிருந்தது மட்டும் தெரிஞ்சுது. ஸ்கேன்ல உறுதி பண்ணினாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஆபரேஷன். குடலைத் திறந்து வெளியே எடுத்து டிரேயில வெச்சது ஒரே ஒரு மாங்கொட்டை. எங்க நாலு பேரோட மெஸ் பணமும் அந்த டிரேயிலதான் போச்சு. அது போகட்டும். "இன்னும் ஒருநாள் விட்டிருந்தா குடல் அழுகியிருக்கும்"னு மேடம் சொன்னப்போ ஜோசப் வெளியே போய் நின்னுக்கிட்டான்.

நாங்க, "திருட்டுப் புத்தி மேடம், எவ்வளவு அடிச்சும் திருந்தலை"னு ஆரம்பிச்சோம். அவங்க கையை உதறிக்கிட்டே சொன்னாங்க: "அது திருடலைப்பா. நீங்க சம்பளம் கொடுத்து வேலைக்கு வெச்சிருக்கீங்க."

அன்னிக்குப் புரியலை. அப்புறம் லைப்ரரியில சைக்காலஜி புத்தகத்தைப் புரட்டினப்போதான் புரிஞ்சுது.

ஹார்வர்டில் 1930-களில் ஸ்கின்னர்னு ஒருத்தர் எலிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். எலி ஒரு கட்டையை அழுத்தினா ஒரு தீனி உருண்டை விழும். அந்த உருண்டையை அவரே கையால செய்யணும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாக்கைப் பார்த்தார். இந்த வேகத்துல போனா திங்கட்கிழமை காலையில காலி. 'ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதுக்கு தீனி கொடுக்கணும்? நிமிஷத்துக்கு ஒண்ணு போதுமே'னு முடிவு பண்ணினார். சோம்பேறித்தனத்துல பொறந்த ஐடியா, நம்ம ஜாதி! ஆனா, எலி அழுத்தறதை நிறுத்தவே இல்லை. அதைவிட முக்கியம், பின்னாடி தீனியை அடியோட நிறுத்தினப்போ, தடவைக்கு ஒண்ணுனு வாங்கிப் பழகின எலி சீக்கிரமே விட்டுடுச்சு. எப்பவாவது ஒண்ணுனு வாங்கிப் பழகின எலி ரொம்ப நேரம் விடாம அழுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தக் கதையை அவரே 1956-ல் ஒரு கட்டுரையா எழுதியிருக்கார்.

இப்போ எலிக்குப் பதிலா அரியரை நிறுத்துங்க, கட்டைக்குப் பதிலா அடுப்பு மேடை. நாங்க பத்து நாள் மேடையைச் சுத்தமா வெச்சுட்டுப் பதினொண்ணாம் நாள் சிக்கன் தட்டை மறந்து வெச்சா, அதைவிட ஸ்ட்ராங்கான டிரெயினிங்கே கிடையாது. நாய்க்கு அது லாட்டரி. டெய்லி விழலைன்னாலும் டெய்லி டிக்கெட் வாங்கும். ஏறிப் பார்க்கறதுக்குக் காசா செலவு?

'சரி, அடிச்சா பயந்து நிறுத்தாதா?'னு கேப்பீங்க. நாங்களும் அடிச்சோம். மேடை ஓரத்துல டம்ளர் அடுக்கி வெச்சோம், ஏறினா சரிஞ்சு விழுந்து பயப்படும்னு. ரெண்டு நாள் பயந்துச்சு. கூடவே குக்கர் விசிலுக்கும் சேர்த்துப் பயந்துச்சு. மூணாம் நாள் டம்ளர் இல்லாத பக்கமா ஏறுச்சு.

அடியோட பிரச்னை இதுதான். நாய் கத்துக்கிறது 'மேடையில ஏறக் கூடாது'ங்கறதை இல்லை. 'கார்த்தி இருக்கும்போது ஏறக் கூடாது'ங்கறதை. இது என் கற்பனை இல்லை. ஜெர்மனியில் 2003-ல் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. தரையில தீனி வெச்சு, 'தொடாதே'னு சொல்லிட்டு ஆள் எதிர்ல உட்கார்ந்தாங்க. ஆள் கண்ணைத் திறந்து நாயையே பார்த்தா, நாய் அடக்கி வாசிச்சுது. கண்ணை மூடினா, முதுகைக் காட்டினா, வேற வேலையில மூழ்கினா, எடுத்தது அதிகம். அப்புறம் 2013-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில வெளிச்சத்தை மாத்திப் பார்த்தாங்க. தீனி இருக்கற இடம் இருட்டா இருந்தா நாய் இன்னும் தைரியமா எடுத்துச்சு. எக்ஸாம் ஹால்ல சூப்பர்வைசர் எந்தப் பக்கம் பார்க்கறார்னு கவனிக்கிற அதே திறமை. நமக்குச் சொல்லித் தரணுமா என்ன?

'ஆனா பாஸ், நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே தலையைத் தொங்கப் போட்டுக்குதே, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்குத் தெரியுதே?' இதையும் 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. 14 நாய்கள். ஓனர் வெளியே போன நேரத்துல சில நாய்க்கு தீனியை இவங்களே கொடுத்தாங்க, தீனியைத் தின்னாத நாயைப் பத்தியும் சில தடவை 'உங்க நாய் திருடிடுச்சு'னு ஓனர்கிட்ட பொய் சொன்னாங்க. அந்தக் 'குத்தவாளி மூஞ்சி' வந்தது திருடினதாலயா இல்லையாங்கறதைப் பொறுத்து இல்லை, ஓனர் திட்டினதைப் பொறுத்துதான். தப்பே பண்ணாம திட்டு வாங்கின நாய்ங்க இன்னும் அதிகமா மூஞ்சியைத் தொங்கப் போட்டுச்சு. அது மன்னிப்பு இல்லை, 'சார், கோபமா இருக்கீங்க, அடிச்சுடாதீங்க'. அரை மணி நேரத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்போ அடிச்சா, அதுக்குக் கிடைக்கற பாடம் 'இந்த ஆள் வீட்டுக்கு வந்தா அடிப்பான்'. அவ்வளவுதான்.

சரி, தையல் பிரிச்சு வீட்டுக்கு வந்த அரியருக்கு நாங்க என்ன பண்ணினோம்னு சொல்றேன்.

முதல் வேலை, சம்பளத்தை நிறுத்தினது. ஒரு வாரம் நோட்டுல குறிச்சோம், மேடையில எப்ப, என்ன கிடைச்சுதுனு. மூணு தடவை. மூணுமே கிச்சன்ல ஆள் இல்லாதப்போ, மூணுமே எங்க மறதி. அதுல ஒண்ணு சாப்பாடே இல்லை, எண்ணெய் துடைச்ச பேப்பர். அதனால மேடையில வாசனைகூட இருக்கக் கூடாதுனு ரூல் போட்டோம். தோசைக்கல் அலமாரிக்குள்ள, எச்சில் தட்டு உடனே கழுவணும், சிங்க் காலி. கதவில்லாத கிச்சன் வாசல்ல பழைய ஒட்டுப்பலகையை இடுப்பளவுக்கு வெட்டி, கீல் வெச்சு, தாழ்ப்பாள் போட்டு மாட்டினோம். கார்ப்பென்டர், நம்ம ஜோசப்தான். கொஞ்சம் கோணலா இருக்கும், ஆனா பூட்டும்.

கூடைக்கு மூடி மட்டும் போட்டா பத்தாது. காலால மிதிச்சா திறக்கற மாடல் வாங்கினோம். நாலே நாள்ல அரியரும் மிதிக்கக் கத்துக்கிச்சு! அடியில ஒரு செங்கல்லை வெச்சு, பாத்ரூமுக்குள்ள தள்ளி, கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் நிம்மதி. எலும்பு, மாங்கொட்டை, சோளக் கதிரோட தக்கை, இந்த மூணும் கூடைக்கே போகாது. ஒரு கவர்ல கட்டி ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல ஒரு மூலையில வெச்சுடுவோம். குப்பை வண்டி மணி அடிக்கும்போது நேரா வண்டிக்குப் போகும். வாசனையும் வராது, நாய்க்கும் கிடைக்காது. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிக்கு ஃப்ரீசர் விஷயம் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க.

இப்போ ஒரு முக்கியமான எச்சரிக்கை. சம்பளம் நின்னதும் நாய் உடனே ரிட்டயர் ஆகாது. முதல்ல வேலையை டபுள் ஆக்கும். காசு போட்டும் காபி வராத மிஷினை நாம முதல்ல என்ன பண்றோம்? நாலு தட்டு தட்டுறோம் இல்லையா, அதே கதை. நாலாவது நாள் அரியர் பலகையை எகிறித் தாண்டி, மேடையில இருந்த மசாலா டப்பாவைத் தள்ளி விட்டுச்சு. 'பலகை வேலைக்கு ஆகலை'னு செந்தில் கழட்டப் போனான். தப்பு. இந்தக் கட்டத்துல ஒரே ஒரு தடவை ஏதாவது கிடைச்சுட்டாக்கூட, 'இன்னும் பலமா ட்ரை பண்ணினா கிடைக்கும்'னு கத்துக்கும். பலகை மேல இன்னும் ஒரு அடி உயர்த்தினோம், மசாலா டப்பாவையும் உள்ளே வெச்சோம். ரெண்டு வாரத்துல மோப்பம் பிடிக்கறதோட நிறுத்திக்கிச்சு.

ரெண்டாவது வேலை, வேற வேலை கொடுத்தது. கிச்சன் வாசலுக்கு வெளியே ஒரு சாக்கை மடிச்சுப் போட்டோம். சமைக்கறப்போ அரியரோட ஆபீஸ் அதுதான். மேடை காலியா இருக்கும்போது ஆரம்பிச்சோம். சாக்குல கால் வெச்சா, பட்டாணி சைஸ்ல வேகவெச்ச சிக்கன் ஒரு துண்டு, சாக்கு மேலயே போடுவோம். கையில கொடுக்கறது இல்லை, மேடையில இருந்து எடுத்துக் கொடுக்கறது இல்லவே இல்லை. சாக்குதான் சோறு போடுதுனு அதுக்குத் தோணணும். முதல்ல மூணு செகண்டுக்கு ஒரு துண்டு, அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. உட்காரச் சொல்லவே இல்லை, ரெண்டாவது நாளே தானாப் படுத்துக்கிச்சு. தினம் ரெண்டு தடவை, தடவைக்கு அஞ்சு நிமிஷம். இந்த சிக்கனை அன்னிக்கு வைக்கிற சாப்பாட்டுல கழிச்சுடுவோம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கஷ்டத்தை ஏத்தினோம். தட்டை எடுக்கற சத்தம். வெங்காயம் நறுக்கறது. முதுகைக் காட்டி நிக்கறது. ஒரு செகண்ட் ரூமுக்குள்ள மறைஞ்சுட்டு வர்றது, அப்புறம் மூணு செகண்ட். நாய் சாக்கை விட்டு எழுந்தா திட்டு கிடையாது. ரெண்டு தடவை தொடர்ந்து எழுந்தா பாடம் கஷ்டம்னு அர்த்தம், முந்தின படிக்குத் திரும்பிடணும். கார்த்தி மட்டும் முதல் நாளே அஞ்சு நிமிஷம் மறைஞ்சு பார்த்தான். அரியர் பாஸ், அவன்தான் ஃபெயில். போட்டு வெச்சிருந்த பஜ்ஜி காலி.

மூணாவது, 'விடு'ங்கற வார்த்தை. மூடின கையில ஒரு துண்டை வெச்சு மூக்குகிட்ட நீட்டுங்க. நக்கும், பிராண்டும், கடிச்சுப் பார்க்கும். பேசாம இருங்க. ஒரு நொடி மூக்கைப் பின்னாடி எடுத்ததும் 'சரி' சொல்லி, இன்னொரு கையில இருந்து வேற துண்டு கொடுங்க. விட்ட துண்டையே கொடுக்கக் கூடாது. கொடுத்தா, 'கொஞ்சம் பொறுத்தா இதுவும் எனக்குத்தான்'னு நினைச்சுக்கும். இது நல்லா வந்ததும், பின்வாங்கறதுக்கு முன்னாடி 'விடு'னு சொல்ல ஆரம்பிங்க. அடுத்து திறந்த உள்ளங்கை, அடுத்து தரையில காலுக்குப் பக்கத்துல, அப்புறம் ஸ்டூல் மேல, கடைசியா மேடை ஓரம். எங்களுக்கு மேடை ஓரம் வரைக்கும் வர ஆறு வாரம் ஆச்சு.

ஏற்கெனவே வாயில எதையாவது கவ்விட்டா? துரத்தாதீங்க ப்ளீஸ். துரத்தினா நாய்க்கு ரெண்டே வழி, ஒண்ணு உறுமும், இல்லைன்னா முழுசா முழுங்கிடும். அந்த மாங்கொட்டையையும் யாரோ துரத்தினதுலதான் முழுங்கியிருக்கும்னு எனக்கு இன்னிவரைக்கும் ஒரு சந்தேகம், ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தது யாருனு மட்டும் நாலு பேரும் சொல்லிக்கறது இல்லை. கையில நல்ல சிக்கன் துண்டைக் காட்டி, தரையில நாலஞ்சு துண்டு இறைச்சு விடுங்க. அது பொறுக்கற நேரத்துல மெதுவா எடுத்துக்கலாம்.

முழுங்கிட்டதைப் பார்த்துட்டா, உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பாட்டி வைத்தியம் வேண்டாம், உப்பே விஷமாயிடும். கூர்மையான எலும்பு மேலே வரும்போதும் கிழிக்கும். வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க. சாக்லேட், வெங்காயம், பாயசத்துல போடற உலர்திராட்சை, சுகர்ஃப்ரீ சூயிங்கம்மில இருக்கற சைலிட்டால், இதெல்லாம் நாய்க்கு விஷம். எவ்வளவு சாப்பிட்டுச்சு, எத்தனை மணிக்கு, நாயோட எடை என்ன, மூணையும் டாக்டர் கேப்பாங்க. கவர் மிச்சம் இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு. இத்தனை நாள் ஒழுங்கா இருந்த நாய் திடீர்னு வெறி பிடிச்ச மாதிரி சாப்பாட்டைத் தேட ஆரம்பிச்சா, அது பழக்கம் இல்லாம நோயா இருக்கலாம். வயித்துல புழு, சர்க்கரை, அரிப்புக்குக் கொடுக்கற ஸ்டீராய்டு மாத்திரை, எல்லாமே பசியைக் கிளப்பும். எங்க கேஸ்ல காரணம் இன்னும் கேவலம். நாலு பேர்ல யார் சோறு வெச்சாங்கனு யாருக்கும் தெரியாம, சில நாள் அதுக்கு மூணு வேளை, சில நாள் பட்டினி. சுவத்துல பேப்பர் ஒட்டி, வெச்சவன் கையெழுத்துப் போடணும்னு கொண்டுவந்தப்புறம்தான் அதுவும் சரியாச்சு. காலேஜ்லகூட நாங்க அவ்வளவு ஒழுங்கா அட்டெண்டன்ஸ் போட்டதில்லை.

இவ்வளவும் பண்ணின பிறகு அரியரை நம்பி பிரியாணியை மேடையில வெச்சுட்டு சினிமாவுக்குப் போவேனா? சத்தியமா மாட்டேன். சாக்கும் 'விடு'வும் நாம வீட்ல இருக்கும்போது வேலை செய்யும். நாம இல்லாதப்போ வேலை செய்யறது தாழ்ப்பாள்தான்.

ஒரே ஒரு தடவை டெஸ்ட் வெச்சோம். ஆன்ட்டி கொடுத்தனுப்பின உளுந்து வடை ஆறு, தட்டோட மேடை நடுவுல. பலகை திறந்து. அலமாரி மேல மொபைலை வீடியோ ஓட விட்டு நிறுத்திட்டு, எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிட்டோம். பத்து நிமிஷம் கழிச்சு வந்தா தட்டுல நாலு வடை. எங்களுக்கு முகமே இல்லை. ஆறு வாரம் வேஸ்ட்!

வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். அரியர் வந்து, மூக்கைத் தூக்கி மேடையை மோந்து பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுட்டு, சாக்குல போய்ப் படுத்துக்குது. அஞ்சாவது நிமிஷம், 'பாத்ரூம் போயிட்டு வரேன்'னு மாடியில இருந்து இறங்கின செந்தில் ஃப்ரேமுக்குள்ள வர்றான். இடமும் வலமும் பார்க்கறான்.

(அடுத்த வாரம்: தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில ஒளியற நாயை எப்போ இருந்து தயார் பண்ணணும்?)